செருப்புத் தோலாகாத சிக்கன்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ரிலீஸ், வீட்டுல அப்பாவுக்கு ஆபரேஷன், ரெண்டும் ஒரே மாசத்துல. ரெண்டாவது தான் இந்தப் பதிவுக்குக் காரணம். முன்னாடியே சொல்லிடறேன், இது சமையல் குறிப்பு மாதிரி ஆரம்பிச்சு தோல் ஷாப்புக்குப் போய், திரும்ப அடுப்படிக்கே வரும். சைவப் பதிவர்கள் பொறுத்துக்கணும் :-)

ஊரு ஆம்பூர். ஆம்பூர்னு சொன்ன உடனே எல்லாரும் "பிரியாணி!"ம்பாங்க. அந்தப் பிரியாணியை வாங்கித் தின்ன காசு எங்கேருந்து வந்துச்சுன்னா, தோல்லேருந்து. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு பாலாத்து ஓரமா போனா, வீட்டுக்கு ஒருத்தராவது டேனரியிலயோ ஷூ கம்பெனியிலயோ இருப்பாங்க. எங்க வீட்டுல அது அப்பா. முப்பது வருஷத்துக்கு மேல டேனரியில, அதுல பாதிக்கு மேல சேவிங் மிஷின்ல. சேவிங்னா தாடி எடுக்கறது இல்லீங்க. அது என்னன்னு பின்னாடி வரும், கதையே அங்க தான் இருக்கு.

போன வருஷம் அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சுது. வேலூர்ல ஆபரேஷன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா வீட்டுக்கு வந்த ரெண்டே மாசத்துல எடை எட்டு கிலோ இறங்கிடுச்சு. செக்கப்புக்குப் போனப்ப டாக்டர் காலை விட்டுட்டு தொடையைத் தான் அழுத்திப் பார்த்தாரு. "எலும்பு சேர்ந்துடும் தம்பி. சதை கரையுது. சாப்பாட்டுல புரோட்டீன் இல்லைன்னா நடக்கறது கஷ்டம்"னு சொல்லிட்டு, ஒரு நாளைக்கு அறுபது கிராமுக்குக் குறையாம புரோட்டீன் போகணும், கொழுப்பு கம்மியா இருக்கணும்னு எழுதிக் குடுத்தாரு. ஏற்கனவே இதயத்துல ஸ்டென்ட் வச்ச உடம்பு. அதனால மட்டன் கிடையாது, தோலோட கோழி கிடையாது.

கணக்குப் போட்டா பதில் சுலபமா வந்துச்சு. கோழியோட நெஞ்சுக்கறி, எலும்பில்லாம, தோல் இல்லாம, நூறு கிராம் பச்சைக்கறியில சுமார் 22 கிராம் புரோட்டீன். கொழுப்பு ரெண்டு மூணு கிராம் தான். மீதிக்கு பருப்பு, முட்டை வெள்ளை, தயிர். பேப்பர்ல எல்லாம் சரியா இருந்துச்சு. தட்டுல தான் சரியா வரலை.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லு பாதி கிடையாது. அம்மா நெஞ்சுக்கறியை குக்கர்ல மூணு விசில் விட்டு, குழம்புல போட்டுத் தருவாங்க. அப்பா ஒரு துண்டு வாயில போட்டு, மென்னு மென்னு, அப்படியே எடுத்து தட்டு ஓரத்துல வச்சுடுவாரு. குழம்பைத் தொட்டுச் சாதம் மட்டும் இறங்கும். நான் பெங்களூருலேருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில்ல வந்து சனிக்கிழமை மத்தியானம் பார்க்கறப்ப, தட்டு ஓரத்துல வரிசையா நார் நாரா உருண்டைங்க. அதைப் பார்த்தா ஏதோ பண்ணுது.

எங்க அம்மா சாதாரண ஆள் இல்லை. அவங்க கை மட்டன் குழம்புக்கு தெருவே வரும். அப்புறம் ஏன் இது மட்டும் வரலை? இந்தக் கேள்விக்கு பதில் கண்டுபிடிக்கவே எனக்கு மூணு வாரம் ஆச்சு. பதிலை வீட்டுலயே வச்சிக்கிட்டு நான் இன்டர்நெட்ல தேடிக்கிட்டு இருந்தேன்.

முதல் சனிக்கிழமை. "குக்கர் தான் தப்பு, தோசைக்கல்லுல சுட்டா ஜூஸியா இருக்கும்"னு நானே களத்துல இறங்கினேன். முழு நெஞ்சுத் துண்டு, 220 கிராம். உப்பு, மிளகு. பெரிய பர்னர், ஃபுல் ஃபிளேம். கல்லு புகைய ஆரம்பிச்ச பிறகு துண்டைப் போட்டேன். சத்தம் என்னமோ அஞ்சு நட்சத்திர ஓட்டல் மாதிரி தான் இருந்துச்சு. மூணு நிமிஷத்துல ஒரு பக்கம் கருப்பு. திருப்பிப் போட்டா அடுத்த பக்கமும் கருப்பு. வெட்டிப் பார்த்தா நடுவுல பச்சையா வழுவழுன்னு இருக்கு. அம்மா பார்த்துட்டு "ஆபரேஷன் ஆன மனுசனுக்கு இதைக் குடுக்கப் போறியா?"ன்னாங்க. நியாயம். திரும்ப கல்லுல போட்டு, மூடி வச்சு, நடுவு வேகறதுக்குள்ள வால் பக்கம் விறகாயிடுச்சு.

அப்பா ஒரு கடி கடிச்சாரு. கையில எடுத்து வெளிச்சத்துல பார்த்தாரு.

"டேய், இது அப்பரா, சோலா?"

ஷூவோட மேல்தோலா, அடித்தோலான்னு கேக்கறாரு. அம்மா சிரிச்சுட்டாங்க. வீட்டுல ரெண்டு மாசம் கழிச்சு கேட்ட முதல் சிரிப்பு அது. அதனால அந்த அவமானத்தை நான் பெரிசா எடுத்துக்கலை.

அப்புறம் அப்பா கேட்டாரு, "இன்னொரு துண்டு இருக்குதா? எடுத்தா."

ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்துக் குடுத்தேன். கட்டில்ல உக்காந்தபடியே, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அந்தத் துண்டை வச்சு, ஒரு முனையிலேருந்து இன்னொரு முனை வரைக்கும் மெதுவா தடவிக்கிட்டே வந்தாரு.

"இங்க முப்பது எம்.எம். இருக்கும். இந்த வால்ல பத்து. இதை அப்படியே கல்லுல போட்டியா நீ?"

ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். தடிச்ச பக்கம் 31, மெலிஞ்ச பக்கம் 9. முப்பது வருஷ விரல்!

இப்ப சேவிங்னா என்னன்னு சொல்லிடறேன். பச்சைத்தோலை ஊற வச்சு, சுண்ணாம்புல போட்டு முடி எடுத்து, சதையைச் சுரண்டி, குரோம்ல பதனிட்டா நீல நிறத்துல ஈரமா ஒரு தோல் வரும். அதுக்கு வெட் புளூன்னு பேரு. ஒரு மாட்டுத் தோலோ ஆட்டுத் தோலோ எல்லா இடத்துலயும் ஒரே தடிமன் இருக்காது. முதுகுப் பக்கம் தடிப்பு, வயித்துப் பக்கம் மெலிசு. அதை அப்படியே சாயத்துல போட்டா ஒரு இடத்துல சாயம் உள்ள வரைக்கும் போகும், இன்னொரு இடத்துல மேலோட நிக்கும். காய வச்சா வயிறு காய்ஞ்சு விறைச்சுப் போயிருக்கும், முதுகு இன்னும் ஈரமா இருக்கும். அதனால சாயத்துக்கு முன்னாடி, சுழல்ற பிளேடு உருளையில தோலைக் குடுத்து உள்பக்கத்தைச் சீவி ஒரே தடிமனுக்குக் கொண்டு வரணும். ஷூ அப்பருக்குன்னா 1.2 எம்.எம்., 1.4 எம்.எம்.னு ஆர்டர்ல இருக்கும். கேஜ் வச்சு இங்க ஒரு தடவை, அங்க ஒரு தடவை அளந்து பார்க்கணும். அப்பாவோட உத்தியோகம் அது தான்.

"ஒரே தோல்ல ரெண்டு கனம் இருந்தா, எது கணக்குக்குக் காய வச்சாலும் இன்னொன்னு வீணு. முதல்ல சேவிங். அப்புறம் தான் மத்தது எல்லாம்"னாரு.

எனக்கு இஞ்சினியரிங்ல படிச்ச ஹீட் டிரான்ஸ்ஃபர் அப்ப தான் ஞாபகம் வந்துச்சு (அரியர் வச்ச பேப்பர், வேற ஒண்ணும் இல்லை). ஒரு கட்டியோட நடுவுக்கு சூடு போய்ச் சேர்ற நேரம், தடிமனுக்கு நேர் விகிதத்துல ஏறாது. தடிமன் ரெண்டு மடங்கானா நேரம் சுமார் நாலு மடங்கு. 31 எம்.எம். முனையும் 9 எம்.எம். முனையும் ஒரே துண்டுல இருந்தா, தடிச்சது வேகறதுக்குள்ள மெலிசு அது வெந்து முடிக்க வேண்டிய நேரத்தை எப்பவோ தாண்டியிருக்கும். நான் என்ன ஃபிளேம் வச்சாலும், எந்தக் கல்லு வச்சாலும், அந்தத் துண்டு தோத்துப் போகத் தான் போகுது.

அதனால முதல் வேலை, தடிமனைச் சமன் பண்றது. நான் இப்ப பண்றது இப்படி. துண்டைப் பலகையில படுக்க வச்சு, மேல உள்ளங்கையை அழுத்தாம வச்சுக்கிட்டு, கூரான கத்தியை பலகைக்கு இணையா வச்சு தடிச்ச பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு நடுவுல சீவிக்கிட்டே போகணும். துண்டு மெலிய ஆரம்பிக்கற இடம் வந்ததும் கத்தியை மேல கொண்டு வந்துடணும். இப்ப ஒரு நீளத் துண்டு, ஒரு குட்டித் துண்டு, ரெண்டுமே ஏறக்குறைய 15 எம்.எம். இன்னும் மேடு பள்ளம் இருந்தா, பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்சு பூரிக்கட்டையால மேட்டை மட்டும் தட்டணும். ஓங்கி அடிக்கக் கூடாது, அடிச்சா நார் பிஞ்சு அந்த இடம் தண்ணி விட்டுடும். வெறும் தட்டுதலை மட்டும் நம்பி 30-ஐ 15-க்குக் கொண்டு வரப் பார்த்தா துண்டு கிழிஞ்சுடும். அதனால முதல்ல சீவறது, அப்புறம் தான் தட்டறது. நெஞ்சுக்கு அடியில தனியா தொங்கற சின்ன சதை ஒண்ணு இருக்கும், அதை முதல்லயே பிரிச்சு தனியா வச்சுடணும். அது சீக்கிரம் வெந்துடும்.

சரி, இப்ப அம்மாவோட குக்கர் ஏன் தோத்துச்சு? இதுக்கும் பதில் அப்பா கிட்டத் தான் கிடைச்சுது.

"பச்சைத்தோலை வெந்நீர்ல போட்டா என்ன ஆகும் தெரியுமா? 60, 65 டிகிரிலயே சுருண்டு ரப்பர் மாதிரி ஆயிடும். குரோம்ல பதனிட்டது மட்டும் கொதிக்கிற தண்ணியில போட்டாலும் சுருங்காது. ஒரு துண்டு வெட்டிக் கொதிதண்ணியில போட்டுப் பார்த்து தான் பதம் சரியான்னு சொல்லுவோம்"னாரு. அதோட இன்னொண்ணும் சொன்னாரு. தோல்லேருந்து சுரண்டி எடுக்கற கழிவை மணிக்கணக்கா காய்ச்சினா வச்சிரம் வரும், ஆசாரிங்க மரம் ஒட்டற பசை.

அதாவது தோலும், மட்டன்ல இருக்கற சவ்வும் அடிப்படையில ஒரே சமாச்சாரம், கொலாஜன். அது சூட்டுல முதல்ல சுருங்கும். விடாம ஈரத்துல வேக வச்சா கரைஞ்சு பசையா, ஜெலட்டினா மாறும். மட்டனும் கோழிக்காலும் நேரம் ஆக ஆக மெத்துனு ஆகறது இதனால தான். அம்மாவோட கை பழகினது இந்தக் கறிக்கு. "நல்லா வேகட்டும்"ங்கறது அங்க சரியான விதி.

நெஞ்சுக்கறியில கரையறதுக்கு அப்படி ஒண்ணும் பெரிசா இல்லை. அந்தக் கோழி நெஞ்சை வச்சுப் பறக்கவா செய்யுது? வேலை செய்யாத சதை, சவ்வு கம்மி, கொழுப்பும் கம்மி. அதுக்குள்ள இருக்கறது சதைப் புரோட்டீனும் அது பிடிச்சு வச்சிருக்கற தண்ணியும் தான். 50 டிகிரிக்கு மேல புரோட்டீன் ஒவ்வொண்ணா இறுக ஆரம்பிக்கும். 65, 70-ஐத் தாண்டினா முறுக்கிப் பிழிஞ்ச துணி மாதிரி தண்ணி வெளிய வரும். 80-க்கு மேல போனா மிச்சம் இருக்கறது நார். அதுக்கப்புறம் எத்தனை விசில் விட்டாலும் கரையறதுக்கு எதுவும் இல்லாததால திரும்ப மெத்துனு ஆகவே ஆகாது. குழம்புலயே மிதந்தாலும் உள்ள காஞ்சு தான் கிடக்கும்.

ரெண்டாவது சனிக்கிழமை ஃபிளேமைச் சரி பண்ணினேன். ஃபுல் ஃபிளேம்ல என்ன ஆகுதுன்னா, வெளிப்புறம் நூறு டிகிரி பக்கம் போய் உலர்ந்துடும், நடுவு அம்பதுலயே இருக்கும். நடுவு வர்றதுக்குக் காத்திருக்கற நேரத்துல வெளியில காஞ்ச பட்டை தடிச்சுக்கிட்டே போகும். இதைப் பார்த்துப் பயந்து சிம்ல வச்சா வேற பிரச்சினை. கல்லுல போட்ட துண்டு விடற தண்ணி ஆவியாகாம அங்கயே குட்டை மாதிரி தேங்கும், கறி அதுல வேகும், நிறமும் வராது, வாசனையும் வராது. நடுத்தர ஃபிளேம்ங்கறது இந்த ரெண்டுக்கும் நடுவுல. வர்ற தண்ணி வந்த உடனே ஆவியாகணும், ஆனா எண்ணெய் புகையக் கூடாது.

அடுப்புக்கு அடுப்பு "மீடியம்" மாறும். அதனால குமிழைப் பார்க்காம கல்லைப் பார்க்கணும். இரும்புக்கல்லை நடுத்தர ஃபிளேம்ல மூணு நாலு நிமிஷம் காய விட்டு, ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிக்கணும். சுர்ருனு ரெண்டு மூணு நொடியில மறைஞ்சா சரி. முத்து முத்தா உருண்டு ஓடினா சூடு அதிகம், கொஞ்சம் ஆற விடணும். சும்மா அப்படியே நின்னு மெதுவா காஞ்சா இன்னும் சூடு வரலை. கறியோட மேல்பக்கத்தை துணியாலயோ டிஷ்யூவாலயோ ஒத்தி ஈரம் எடுத்துட்டுப் போடணும், இல்லைன்னா கல்லோட சூடு எல்லாம் அந்தத் தண்ணியை ஆவியாக்கவே போயிடும். ஒரு கல்லுல ரெண்டு துண்டு, அதுக்கு மேல வேண்டாம்.

தடிமன் சரி, ஃபிளேம் சரி. ஆனாலும் அம்மா நம்பலை. "உள்ள வெந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" நானும் வெட்டி நிறம் பார்த்துக்கிட்டு தான் இருந்தேன். மஞ்சள் போட்டுக் கழுவின கறியில நிறத்தை வச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கறது? மஞ்சள் இல்லைன்னாலும் நிறத்தை நம்ப முடியாது. சரியா வெந்த கறி சில சமயம் லேசா இளஞ்சிவப்பா இருக்கும், வேகாதது வெள்ளையாவும் இருக்கும். பயத்துல ஒவ்வொரு தடவையும் இன்னும் ரெண்டு நிமிஷம், இன்னும் ரெண்டு நிமிஷம்னு விட்டா திரும்பவும் சோல் லெதர்.

அதனால ஆன்லைன்ல ஒரு ஊசி தெர்மாமீட்டர் வாங்கினேன், சில நூறு ரூபாய் தான். வந்ததும் அதை நம்பலாமான்னு பார்த்தேன் (டெஸ்டிங் டீம்ல இருந்த பழக்கம்). டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, இடுக்குல தண்ணி ஊத்தி, கலக்கி ஊசியை விட்டா 0 காட்டணும். 0.5 காட்டுச்சு, பரவாயில்லை. கொதிக்கிற தண்ணியில 99. ஆம்பூர் கடல் மட்டத்துக்கு 300 மீட்டர் மேல, அதனால 100-க்கு ஒரு டிகிரி கம்மியா வரது தான் சரி.

ஊசியை மேலேருந்து குத்தக் கூடாது. 15 எம்.எம். துண்டுல மேலேருந்து குத்தினா முனை கல்லைத் தொட்டுடும், இல்லை மேலயே நிக்கும். பக்கவாட்டுல, துண்டுக்கு இணையா, இருக்கறதுலயே தடிச்ச இடத்தோட நடுவுல முனை இருக்கற மாதிரி விடணும். ரெண்டு இடத்துல பார்த்து, எது கம்மியோ அதைத் தான் எடுத்துக்கணும்.

எத்தனை டிகிரி? அமெரிக்க வேளாண் துறை கோழிக்குச் சொல்றது 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ். அந்தச் சூடு வந்த உடனே கிருமி செத்துடும்ங்கற கணக்கு. இன்னும் கம்மி சூட்டுல அதிக நேரம் வச்சாலும் அதே பலன் உண்டு, 65, 66-ல சில நிமிஷம் நிலையா நின்னா போதும். ஆனா வீட்டு அடுப்புல அதை நிலையா நிறுத்தறது கஷ்டம், நம்ம ஆளு ஆபரேஷன் ஆனவர் வேற. அதனால நடுவுல 74 வந்தே ஆகணும்னு நானும் அம்மாவும் ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம். ஆனா அடுப்புல 74 வர்ற வரைக்கும் வைக்கக் கூடாது. வெளிப்புறம் நடுவை விட சூடா இருக்கும், இறக்கி வச்சப்புறமும் அந்தச் சூடு உள்ள போய்க்கிட்டே இருக்கும். 71-ல இறக்கினா மீதி தானா ஏறிடும்.

(சிக்கன் 65-க்கும் இந்த 65-க்கும் எந்த சம்பந்தமும் இல்லை. பின்னூட்டத்துல யாரும் ஆரம்பிக்காதீங்க.)

மூணாவது சனிக்கிழமை எல்லாத்தையும் சரியா பண்ணினேன். தடிமன், ஃபிளேம், 71, எல்லாம். அப்பா வாயில போட்டாரு. "மெத்துனு இல்லைடா. ரப்பர் மாதிரி இருக்கு." நானும் சாப்பிட்டுப் பார்த்தேன், காயலை, ஆனா கடிச்சா கரகரன்னு ஒரு மாதிரி. எனக்கு அழுகையே வந்துடும் போல ஆச்சு. மிச்சம் இருந்த பச்சைத் துண்டை அப்பா கேட்டு வாங்கி விரலால அழுத்தினாரு. "இது பச்சையிலயே விறைச்சுக்கிட்டு இருக்கு. நல்ல கறி அமுங்கணும். இங்க பாரு, வெள்ளை வெள்ளையா கோடு. இந்தத் தோலை நாங்க அப்பவே ஒதுக்கி வச்சிருப்போம்."

தேடிப் பார்த்தா உண்மை தான். வேகமா, பெரிசா வளர்க்கற பிராய்லர்ல சிலதோட நெஞ்சு சதை இப்படிக் கட்டை மாதிரி ஆயிடும். சாப்பிட்டா கெடுதல் இல்லை, ஆனா எந்தச் சூடும் அதை மெத்துனு ஆக்காது. இதுக்கு வைத்தியம் அடுப்புல கிடையாது, கடையில தான். அடுத்த வாரம் கடை பாய் கிட்டப் போய், "பாய், பெரிய கோழி வேணாம், ஒன்றரை கிலோ சைஸ்ல பார்த்து நெஞ்சு குடுங்க, அப்பாவுக்கு"ன்னேன். "அப்பாவுக்கா? இரு தம்பி"ன்னு உள்ள போய் சின்னதா ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு. அமுக்கிப் பார்த்தேன், அமுங்குச்சு.

நாலாவது சனிக்கிழமை கணக்கை அப்படியே எழுதறேன், நோட்டுல இருக்கு. துண்டு 180 கிராம். சீவித் தட்டினதும் எல்லா இடத்துலயும் 15-லேருந்து 17 எம்.எம். உப்பு கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல, சுமார் 2 கிராம், தடவி ஃபிரிட்ஜ்ல முக்கால் மணி நேரம். உப்பு உள்ள இறங்கினா சதை தண்ணியைக் கொஞ்சம் கூடப் பிடிச்சு வச்சுக்கும். எலுமிச்சை ஊத்தி ஊற வைக்கலை, ரொம்ப நேரம் புளிப்புல கிடந்தா மேல்பக்கம் மாவு மாதிரி ஆயிடுது. மிளகுத்தூள் கடைசியில தான், முதல்லயே போட்டா கருகிக் கசக்கும். ஒரு டீஸ்பூன் கடலெண்ணெய்.

கல்லுல போட்டு நாலரை நிமிஷம் கை வைக்கலை. இது தான் ரொம்பக் கஷ்டமான ஸ்டெப் :-) திருப்பினப்ப அடிப்பக்கம் பொன்னிறம், நடுவுல ஊசி 43 காட்டுச்சு. ஆறாவது நிமிஷம் 55. ஏழாவது நிமிஷம் 64. கடைசியில நிமிஷத்துக்கு ஏழெட்டு டிகிரி ஏறுது, பாருங்க. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்"னு சொல்றதோட விலை அது தான், 71-ல இருக்க வேண்டியது 85-க்குப் போயிடும். சரியா எட்டு நிமிஷத்துல 71. தட்டுக்கு மாத்தி, மூடி வச்சேன். மூணு நிமிஷம் கழிச்சு 74. அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு அவங்களே ஒரு தடவை படிச்சுப் பார்த்தாங்க.

அஞ்சு நிமிஷம் ஆறினப்புறம், நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்து, அதுக்குக் குறுக்கா மெல்லிசா வெட்டினேன். நார் நீளமா இருந்தா பல்லு தான் அதை அறுக்கணும். குறுக்கா வெட்டினா அந்த வேலையைக் கத்தி முடிச்சுடும், பல்லு இல்லாதவருக்கு இது பெரிய உதவி. வெட்டின பலகையில தண்ணி ஓடலை, துண்டு மேல மட்டும் லேசா பளபளன்னு இருந்துச்சு.

அப்பா ஒரு துண்டு வாயில போட்டாரு. மென்னாரு. முழுங்கினாரு. ஒண்ணும் சொல்லலை. இன்னொரு துண்டு எடுத்தாரு. தட்டு ஓரத்துல எதுவும் வைக்கலை. பாதிக்கு மேல முடிச்சப்புறம் தான் நிமிர்ந்து பார்த்தாரு.

"கனம் சரியா இருக்கு"ன்னாரு. அவ்ளோ தான். சேவிங் மிஷின்ல பிள்ளைங்க வேலை கத்துக்கறப்பவும் இதுக்கு மேல பாராட்டினது கிடையாதுன்னு அம்மா அப்புறமா சொன்னாங்க.

இப்ப நான் ஊருக்குப் போகாத நாள்ல அம்மாவே பண்றாங்க. கத்தி வேலையை மட்டும் அப்பா தன்கிட்ட வச்சுக்கிட்டாரு. கட்டில் பக்கத்துல பலகையைப் போட்டு, சீவி, விரலால ஒரு தடவை தடவிப் பார்த்துட்டுக் குடுக்கறாராம். போன செக்கப்புல எடை மூணு கிலோ ஏறியிருக்கு. வாக்கரை விட்டுட்டு ஒத்தைக் கைத்தடியோட தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிட்டு வர்றாரு.

நேத்து மத்தியானம் ஒரு மீட்டிங் நடுவுல இருந்தப்ப அம்மா கிட்டேருந்து வாய்ஸ் மெசேஜ். ஏதோ அவசரம்னு பயந்து வெளிய வந்து கேட்டேன். பின்னாடி கல்லுல சுர்ருனு சத்தம், அம்மா குரல்:

"தம்பி, எழுவத்தொண்ணு ஆச்சு. எறக்கிட்டேன்."

டிஸ்கி: உங்க வீட்டுல வேற மாதிரி பண்ணுவீங்கன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க. தடிமன் எத்தனை எம்.எம்.னு மறக்காம போடுங்க, அப்பா கேப்பாரு.